கொடியில் காயும் முகக்கவசம்

வியட்நாமின் ஹனோய் நகரில் 2011-ல் ஓர் ஆய்வு நடந்தது. 14 மருத்துவமனைகளில் வேலை செய்யும் 1,607 பேரைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மருத்துவ முகக்கவசம். இன்னொரு குழுவுக்கு இரண்டடுக்குப் பருத்தித் துணியில் தைத்தது, ஆளுக்கு ஐந்து. நான்கு வாரத்துக்கும் அந்த ஐந்துதான். தினமும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுத் துவைத்து மறுநாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். 2015-ல் முடிவு வெளியானபோது, துணி அணிந்தவர்களுக்கே ஃப்ளூ போன்ற காய்ச்சல் அதிகம் வந்திருந்தது. துணி முகக்கவசம் பயனற்றது என்ற பேச்சு அங்கிருந்துதான் வலுப்பட்டது.

அந்த ஆய்வை நடத்திய ரெய்னா மெக்கின்டயர் குழுவினர் 2020-ல் பழைய தரவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். இந்த முறை கேட்ட கேள்வி வேறு: யார் எங்கே துவைத்தார்கள்? தாங்களே கையால் துவைத்துக்கொண்டவர்களுக்கு, மருத்துவமனைச் சலவையகத்தில் கொடுத்து வாங்கியவர்களைப் போல இரண்டு மடங்கு தொற்று அபாயம் இருந்தது. சலவையகத்தில் வெளுத்த துணியை அணிந்தவர்களுக்கும் மருத்துவ முகக்கவசம் அணிந்தவர்களுக்கும் இடையே குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. துணி அதே துணி. மாறியது சலவை மட்டும்.

போன நவம்பர் மழையில் என் மகளுக்கு ஃப்ளூ வந்தபோது இந்த ஆய்வு நினைவுக்கு வந்தது. பதினொரு வயது. இரண்டு படுக்கையறை வீடு, ஒரு குளியலறை, எழுபதைத் தாண்டிய என் அம்மா. கொரோனா காலத்தில் தைத்த ஆறு துணி முகக்கவசங்கள் அலமாரியில் கிடந்தன. அவற்றை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் அது தப்பு என்று தெரிந்தது. அதற்கு முன்னால், அந்தத் துணியில் என்னதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ஃப்ளூ வைரஸ் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. உள்ளே மரபுப் பொருள், அதைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை. இந்த உறையை அது தானாகச் செய்துகொள்வதில்லை. நம் தொண்டைச் செல்லைவிட்டு வெளியேறும்போது அந்தச் செல்லின் சவ்விலிருந்தே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வருகிறது. அந்தப் போர்வை கிழிந்தால் வைரஸின் கதை முடிந்தது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனைக்குக் கொழுப்பு பிடிக்கும், மறுமுனைக்குத் தண்ணீர் பிடிக்கும். கொழுப்பு பிடித்த முனை உறைக்குள் ஆப்பு மாதிரி இறங்கி அதைப் பிளக்கிறது. சோற்றுப் பானையில் ஒட்டிய நெய்யை அது எப்படி விடுவிக்கிறதோ, அதே வேலைதான்.

ஆனால் துணியில் வைரஸ் தனியாக உட்கார்ந்திருப்பதில்லை. சளிக்குள் இருக்கிறது. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 1982-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஃப்ளூ வைரஸை எஃகு, பிளாஸ்டிக், துணி, காகிதம், டிஷ்யூ ஆகியவற்றில் தடவிப் பார்த்தது. வழவழப்பான எஃகிலும் பிளாஸ்டிக்கிலும் 24 முதல் 48 மணி நேரம் உயிர்ப்போடு இருந்தது. துணியிலும் காகிதத்திலும் டிஷ்யூவிலும் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிட்டது. இழைகள் ஈரத்தை உறிஞ்சி வைரஸைச் சீக்கிரம் காயவைத்துவிடுகின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அதைவிட முக்கியமான இன்னோர் அளவும் அதில் உண்டு. டிஷ்யூவிலிருந்து கைக்கு வைரஸ் மாறியது முதல் 15 நிமிடங்கள் வரைதான். கைக்கு வந்தபின் அங்கே ஐந்து நிமிடம்தான் தாக்குப்பிடித்தது.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம் என்றால், 2008-ல் ஜெனீவா ஆய்வாளர்கள் செய்த சோதனை தூங்கவிடாது. அவர்கள் ரூபாய் நோட்டு மாதிரியான சுவிஸ் பணத்தாளில் ஃப்ளூ வைரஸை வைத்தார்கள். சும்மா வைத்தபோது அதிகபட்சம் மூன்று நாள். மூக்குச் சளியோடு கலந்து வைத்தபோது 17 நாள் வரை பிழைத்திருந்தது. சளி அதற்கு மெத்தை மாதிரி, காயவிடாமல் காக்கிறது. எனவே 'துணிதானே, ராத்திரி போட்டால் காலையில் செத்திருக்கும்' என்ற கணக்கு, லேசாகத் தும்மல் பட்ட துணிக்குப் பொருந்தலாம். மூக்கு ஒழுகி நனைந்த துணிக்குப் பொருந்தாது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. ஃப்ளூ பெரும்பாலும் இருமல், தும்மல், பேச்சோடு வரும் துளிகள் வழியாகக் காற்றில்தான் பரவுகிறது. துணியைத் தொட்டு, அந்தக் கையால் மூக்கைத் தொட்டு வாங்கிக்கொள்வது அதைவிடச் சின்ன வாசல். ஆனால் நோயாளியைக் கவனிப்பவர் ஒரு நாளில் பலமுறை திறந்து மூடுகிற வாசல் அதுதான்.

சரி, துவைப்பதற்கு வருவோம். முதல் காரியம் கழற்றுவது. காதுப் பக்கத்து நாடாவை மட்டும் பிடித்துக் கழற்றி, முன்பக்கம் உள்ளே போகும்படி மடித்து, நேராகச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டும். கட்டில் மேலோ அழுக்குக் கூடையிலோ போடுவதில்லை. உதறக் கூடாது. எங்கள் வீட்டில் குளியலறையில் மூடியுள்ள ஒரு பெயின்ட் வாளியை இதற்கென்றே வைத்திருந்தோம். மூன்று லிட்டர் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி சலவைத்தூள். போட்டதும் மூடி, கையைச் சோப்புப் போட்டு இருபது விநாடி கழுவ வேண்டும். டிஷ்யூவின் அந்த 15 நிமிடக் கணக்கை நினைத்துக்கொண்டால் இதில் ஏன் அவசரம் என்று புரியும். ஈரமாக, புதிதாக இருக்கும்போதுதான் துணி ஆபத்தானது. அந்த நேரத்தில்தான் நாம் அதைக் கையில் பிடித்திருக்கிறோம்.

சோப்பு என்றால் எந்தச் சோப்பு? எங்கள் பகுதியில் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய. குளியல் சோப்பை அதில் தேய்த்தால் நுரைக்குப் பதிலாகத் திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பி மிதக்கும். அந்தத் திப்பிதான் வேலை செய்ய வேண்டிய சோப்பு. வைரஸின் உறையைப் பிளப்பதற்கு முன்னால் தண்ணீரில் உள்ள உப்புகளோடு சேர்ந்து வீணாகிவிட்டது. போதாக்குறைக்கு, அந்தத் திப்பி துணியின் கண்களில் படிந்து மூச்சுவிட முடியாதபடி விறைப்பாக்குகிறது. சலவைத்தூள் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டது. தொட்டால் வழுக்கும் அளவுக்கு நுரை நிற்கவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் தூள் சேர்க்க வேண்டும் என்று அர்த்தம்.

அடுத்து, எடுத்த எடுப்பில் கொதிநீரில் போடும் பழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சளியில் புரதம் இருக்கிறது. சூடு பட்ட முட்டை வெள்ளைக்கரு போலப் புரதம் இறுகினால் இழையோடு ஒட்டிக்கொள்ளும். ரத்தக் கறையைச் சுடுதண்ணீரில் போடாதே என்று பாட்டிகள் சொல்வது இதனால்தான். ஆகவே முதலில் சாதாரணத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, மூக்கும் வாயும் படும் நடுப்பகுதியை இரண்டு பக்கமும் கசக்கி, சளி போன பிறகு கொதிக்க வைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கொரோனா கால வழிகாட்டுதலும் இந்த வரிசையை ஒரு வழியாகச் சொன்னது: 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைக்கலாம், முடியாவிட்டால் சாதாரணத் தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டு ஒரு நிமிடம் கொதிக்க விடலாம். அறுபது டிகிரித் தண்ணீரில் கையை வைத்துத் துவைக்க யாராலும் முடியாது. கை தாங்குகிற சூடு என்றால் அது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. கையால் துவைக்கிற வீட்டுக்கு இரண்டாவது வழிதான் வழி.

இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2020-ல் வெளியிட்ட கையேடு இன்னும் தாராளமானது. சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் ஐந்து மணி நேரம் காயவை என்றது. வெயில் இல்லையென்றால் குக்கரில் தண்ணீரோடு பத்து நிமிடம், குக்கரும் இல்லையென்றால் பாத்திரத்தில் பதினைந்து நிமிடம். ஒரு நிமிடத்துக்கும் பதினைந்து நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் யாரையும் குழப்ப வேண்டாம். ஃப்ளூ வைரஸ் 75 டிகிரியிலேயே நிற்காது. மீதி நேரம் பாதுகாப்புக்கான ஓரம். நான் பழைய அலுமினியச் சட்டியில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டேன். குக்கரில் வைக்கவில்லை. காரணம் அறிவியல் அல்ல. அதில் சோறு வைக்கிறோம் என்று அம்மா விடவில்லை.

கொதிக்க வைப்பதில் முதலில் கெட்டுப்போவது துணி இல்லை, காதில் மாட்டும் எலாஸ்டிக். நாலைந்து முறைக்குள் அது தளர்ந்துவிடுகிறது. தளர்ந்தால் கன்னத்தோரம் இடைவெளி விழும், மூச்சு அந்த இடைவெளி வழியாகவே போகும். எனவே தைக்கும்போதே எலாஸ்டிக்குக்குப் பதில் பருத்தி நாடா வைத்துத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்வது நல்லது. இருக்கிற எலாஸ்டிக்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கொதிக்க வைப்பதற்குப் பதிலாகப் ப்ளீச் கரைசல் இருக்கிறது. 0.1 சதவீதக் குளோரினில் ஒரு நிமிடம் ஊறினால் போதும். கடையில் விற்கும் ப்ளீச் திரவத்தின் புட்டியில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, 4 சதவீதம் என்றால் 25 மில்லி. இங்கேயும் சளியை முதலில் துவைத்துப் போக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். பிறகு மணம் போகும்வரை அலச வேண்டும், முகத்தில் கட்டப்போகிற துணி அது. கழிப்பறை கழுவும் ஆசிட்டைப் ப்ளீச்சின் பக்கத்தில்கூடக் கொண்டுவரக் கூடாது. இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு.

இப்போது அந்தக் கணக்கு. மகளுக்குக் காலை, மதியம், மாலை என்று மூன்று முகக்கவசம், யாராவது அறைக்குள் இருக்கும்போது மட்டும். தூங்கும்போது இல்லை. ஈரமானால் மாற்றியாக வேண்டும், அதனால் மூன்று. அவளைக் கவனிக்கும் எனக்கு இரண்டு. ஆக ஒரு நாளைக்கு ஐந்து. வெயில் காலமானால் இரவு துவைத்தது மறுநாள் பிற்பகலில் தயார், எட்டு இருந்தால் வண்டி ஓடும். நவம்பர் மழையில் வீட்டுக்குள் கொடி கட்டி, மின்விசிறிக்கு அடியில் போட்டும், இரண்டடுக்குத் துணி காய ஒன்றரை நாள் ஆயிற்று. திங்கள் இரவு துவைத்தது புதன் காலையில்தான் கைக்கு வரும். திங்களுக்கு ஐந்து, செவ்வாய்க்கு ஐந்து, கைவசம் இரண்டு. பன்னிரண்டு வேண்டும். எங்களிடம் இருந்தது ஆறு.

பற்றாக்குறை வந்தால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் நாளே நான் அரை ஈரத்தில் ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஈரத் துணியில் மூச்சு இழுப்பது கஷ்டம், அதனால் கை அடிக்கடி அதை இழுத்துவிடப் போகிறது. காற்று ஓரத்துக்கு ஒதுங்குகிறது. இரண்டு நாள் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை வாடை வரும். ஹனோய் ஊழியர்களுக்குக் கொடுத்தது நான்கு வாரத்துக்கு ஐந்து என்பதை அப்போதுதான் வேறு கண்ணால் பார்த்தேன். அவர்கள் எப்படிக் காயவைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்தை வைத்துக்கொண்டு அன்றாடம் சுழற்றுவதில் சறுக்க எத்தனை இடம் இருக்கிறது என்பது தெரிகிறது. நான் கண்ட தீர்வு இஸ்திரிப் பெட்டி. பிழிந்து, ஓரளவு உலர்ந்ததை இருபக்கமும் ஆவி எழுவது நிற்கும்வரை தேய்த்தால் பத்து நிமிடத்தில் தயார். பருத்திக்கு மட்டும்தான், எலாஸ்டிக்கைத் தொடாமல். காய்ந்ததா என்று விரலால் பார்ப்பதைவிட மேலுதட்டில் வைத்துப் பார்ப்பது துல்லியம். கொஞ்சம் குளிர்ந்தாலும் உள்ளடுக்கில் ஈரம் இருக்கிறது.

எத்தனை முறை துவைக்கலாம்? காத்மாண்டுவில் தெருவில் விற்கும் துணி முகக்கவசங்களைச் சோதித்து 2019-ல் வெளியான ஆய்வில், நான்காவது சலவைக்குள் வடிகட்டும் திறன் 20 சதவீதம் குறைந்திருந்தது. துணி இழுபட்டு, இழைகளுக்கு இடையிலான துளைகள் அகன்றுவிட்டன. 2021-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இரண்டடுக்குப் பருத்தியை 52 முறை துவைத்துப் பார்த்தபோது திறன் பெரிதாகக் குறையவில்லை. இரண்டும் முரண்படுவதாக நான் நினைக்கவில்லை. இழுத்தால் நீளும் பனியன் துணி ஒரு வகை, நெருக்கமாக நெய்த துணி வேறு வகை. உங்களுடையது எது என்று அறிய அதை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புதிதாக இருந்தபோது தெரியாத ஒளிப்புள்ளிகள் இப்போது தெரிந்தால் அதைத் தரை துடைக்கப் போட்டுவிடலாம்.

நீல நிற மருத்துவ முகக்கவசத்தைத் துவைத்துக் கொடியில் போடும் வீடுகளையும் பார்க்கிறேன். அது வீண் வேலை. அதன் மூன்று அடுக்குகளில் நடு அடுக்குதான் வடிகட்டி. உருக்கி ஊதிய பாலிபுரொப்பிலீன் இழைகள், அவற்றில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். தலை சீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல அந்த மின்னூட்டம் நுண்துளிகளை இழுத்துப் பிடிக்கிறது. சோப்புத் தண்ணீர் பட்டால் மின்னூட்டம் போய்விடும். பார்வைக்குப் புதிது போலவே இருக்கும், ஆனால் பாதி ஆள்தான். அதை ஒருமுறை அணிந்துவிட்டு எறிய வேண்டியதுதான்.

எறிவதில்தான் பெரும்பாலான வீடுகளில் திட்டமே இருப்பதில்லை. நோயாளி டிஷ்யூவைச் சுருட்டித் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கிறார், இரவு யாரோ வெறுங்கையால் அள்ளுகிறார்கள். கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டி ஒன்று இருந்தால் அந்த அள்ளுதலே இல்லை. உள்ளே ஒரு பை. முக்கால் பங்கு நிறைந்ததும் கழுத்தைக் கட்டிவிட வேண்டும். இடம் பண்ணுவதற்காக அழுத்தினால் உள்ளேயுள்ள காற்று முகத்தில் அடிக்கும். டிஷ்யூவைக் கழிப்பறையில் போட்டால் குழாய் அடைக்கும், அது கழிப்பறைக் காகிதம் போலக் கரைவதில்லை.

டிஷ்யூ வாங்கிக் கட்டுப்படியாகாது என்று அம்மா பழைய வேட்டியைக் கிழித்துச் சதுரத் துண்டுகளாக்கிக் கொடுத்தார். நல்ல ஏற்பாடு, ஒரு நிபந்தனையோடு. ஒரு துண்டு ஒரு முறைதான். நாள் முழுக்க ஒரே கைக்குட்டையை மடித்து மடித்துப் பையில் வைப்பதில் ஜெனீவா பணத்தாளின் கதைதான் நடக்கும். உபயோகித்த துண்டுகளை முகக்கவச வாளியில் சேர்க்காமல் தனி வாளியில் ஊறப்போட்டோம். சளி மிக அதிகமானவற்றைத் துவைக்காமல் தொட்டியிலேயே போட்டோம்.

கட்டிய பையை உடனே குப்பை வண்டியில் ஏற்ற வேண்டியதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் கொரோனாவுக்காகச் சொன்ன வழி ஃப்ளூவுக்கும் பொருந்துகிறது: பயன்படுத்திய முகக்கவசங்களைக் காகிதப் பையில் குறைந்தது 72 மணி நேரம் வைத்திருந்து, யாரும் மறுபடி எடுத்து விற்காதபடி வெட்டி, பிறகு உலர் குப்பையோடு கொடுக்க வேண்டும். மருத்துவ முகக்கவசம் பிளாஸ்டிக் என்பதால், பிளாஸ்டிக்குக்குச் சொன்ன 48 மணி நேரத்தைத்தான் அதற்குக் கணக்கில் கொள்ள வேண்டும், அதன்மேல் ஒரு நாள் ஓரம். சளி கெட்டியாகப் படிந்ததற்கு மூன்று நாள்கூட முழு உத்தரவாதம் அல்ல, அதனால்தான் அப்படிப்பட்டவை உள்ள பையின் வாய் கடைசிவரை கட்டியே இருக்க வேண்டும். வெட்டுவதில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. கழற்றிய கையோடு ஈரமானதை வெட்டிக்கொண்டிருப்பது அந்த 15 நிமிடத்தைக் கையில் வாங்குவது. பையில் போடும்முன் எதையும் வெட்ட வேண்டாம். மற்றவற்றில் மூன்று நாள் கழித்துக் காது நாடாக்களை மட்டும் வெட்டினால் போதும், காக்கை கால்களில் அது சிக்குவதும் நிற்கும். டிஷ்யூப் பையைத் திறக்கவே வேண்டாம். கொல்லைப்புறத்தில் கொளுத்துவதும் வேண்டாம், எரிவது பிளாஸ்டிக்.

ஃப்ளூ வந்தவர் அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாள்வரை பரப்புவார். குழந்தைகள் இன்னும் சில நாள் கூடுதலாக. எங்கள் வீட்டில் எட்டு நாளில் நான்கு பைகள் சேர்ந்தன. பால்கனி மூலையில், மழை படாத இடத்தில், ஒவ்வொன்றிலும் கட்டிய தேதியை மார்க்கரில் எழுதி வைத்தேன். முதல் பையைக் கொடுத்தபோது தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மா தேதியைப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், மருந்துக் குப்பையா?" என்றார். காய்ச்சல் வீட்டு டிஷ்யூ, மூன்று நாள் ஆகிவிட்டது என்றேன். "இப்படிச் சொல்லிக் குடுத்தா தனியா வெச்சுக்குவேன். யாரும் சொல்றதில்ல, நாங்க பிரிக்கிறப்பதான் கையில வரும்" என்றார். பையில் தேதி எழுதுங்கள். கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.